இருபது எங்கிருந்து வந்தது?

பால்கனி ஒன்றின் கணக்கீட்டுக் குறிப்பு சரிபார்ப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து 1.8 மீட்டர் நீளும் கான்டிலீவர் ஸ்லாப். பயனுறு ஆழம் 125 மி.மீ. நீளத்தை ஆழத்தால் வகுத்தால் 14.4. குறிப்பில் அனுமதி வரம்பு 20 × 1.2 = 24. ஆகவே தொய்வுப் பிரச்சினை இல்லை என்று முடித்திருக்கிறார் வடிவமைப்பாளர்.

அந்த 20 இரு முனையிலும் தாங்கப்பட்ட ஸ்லாபுக்கானது.

“தொய்வுக் கணக்கு தவறு, திருத்தவும்” என்று சரிபார்ப்பவர் எழுதலாம், எழுதுகிறவர்களும் உண்டு. அதைப் படிப்பவருக்கு எந்த வரியைத் திருத்துவது என்றே தெரியாது, கோபம்தான் வரும்.

பயன்படும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும்: “பக்கம் 14, பால்கனி ஸ்லாப்: அடிப்படை விகிதம் 20 என எடுக்கப்பட்டுள்ளது. IS 456:2000, பிரிவு 23.2.1 கான்டிலீவருக்கு 7 என்கிறது. உங்கள் 1.2 காரணியுடன் வரம்பு 8.4, இருப்பது 14.4. ஆழத்தைக் கூட்டலாம்; அல்லது இணைப்பு சி-யின்படி தொய்வைக் கணக்கிட்டுக் காட்டலாம்.”

8.4-ஐ அப்படியே வைத்தால் ஆழம் சுமார் 215 மி.மீ. ஆகும். ஆனால் ஆழம் கூடினால் கம்பியின் சதவீதம் குறையும், காரணி சற்று உயரும். அதனால் அதைவிடக் குறைந்த ஆழமே போதலாம். ஆகவே “215 போடுங்கள்” என்று சரிபார்ப்பவர் கட்டளையிடுவதில்லை. மறுகணக்கு வந்த பிறகே அந்தக் குறிப்பை முடித்துவைக்கிறார்.