மழையை மேற்கோள் காட்டும் மொழி

செஞ்சியில் ராஜகிரிக் கோட்டையின் உச்சியை நெருங்கும் வழியில் பாறை பிளந்து கிடக்கிறது. பிளவு சுமார் 7 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழம். ஒரு சிறு பாலத்தைக் கடந்துதான் மேலே போக வேண்டும். பாலத்தில் நின்று கீழே பார்ப்பவர்களுக்கு வாயில் வரும் சொல், “கிடுகிடு பள்ளம்.”

பள்ளம் சத்தம் போடுவதில்லை, அசைவதுமில்லை. கிடுகிடுப்பது பார்ப்பவரின் கால்கள். ஆனாலும் ‘ஆழமான பள்ளம்’ என்று சொன்னால் வராத ஒன்று ‘கிடுகிடு’வில் வந்துவிடுகிறது. ‘ஆழம்’ தகவல் தருகிறது. ‘கிடுகிடு’ அங்கே நின்றவரின் நடுக்கத்தையே வாயால் நடித்துக் காட்டுகிறது.

இப்படி நடித்துக்காட்டும் சொற்களை ஒலிக்குறிப்புச் சொற்கள் எனலாம். ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளை ஆராய்ந்த கிளெமென்ட் டோக் 1935இல் இவற்றைத் தனிச் சொல்வகையாகப் பிரித்துப் பெயர் கொடுத்தார். நம் இலக்கணத்தில் இவற்றின் ஒரு பகுதிக்கு வெகுகாலமாகவே பெயர் உண்டு: இரட்டைக்கிளவி. இரட்டையாகவே வரும், பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியம் விதித்தது. இசை, குறிப்பு, பண்பு என்ற மூன்று வகையிலும் இவை வரும் என்றார்கள் உரையாசிரியர்கள். ஒலிக்கு மட்டும் உரியவை அல்ல என்று அவர்கள் கண்டுகொண்டது சாதாரண விஷயமல்ல.

இவற்றின் நடத்தையைச் சொல்லிப் பார்த்தே அறியலாம். ‘பலகை’ என்று சொல்லுங்கள். நடுவில் உள்ள ககரம் மெலிந்து ஒலிக்கும். உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் வல்லினம் மெலிவது தமிழின் இயல்பு. இப்போது ‘கலகல’ என்று சொல்லுங்கள். இரண்டாவது ககரமும் முதல் ககரம் போலவே வலித்து நிற்கிறது. சரி, வலிப்பதால் ‘மரக்கிளை’யில் போல நடுவில் ஒரு ‘க்’ முளைக்குமா என்றால் அதுவும் இல்லை. யாரும் ‘கலக்கல’ என்பதில்லை. இயல்பான சொல்லுக்கும் கூட்டுச்சொல்லுக்கும் உள்ள இரண்டு விதிகளையும் இது ஒதுக்கிவிடுகிறது.

தொடக்கத்திலும் முடிவிலும் இதே கதைதான். தமிழ்ச்சொல் டகரத்தில் தொடங்காது என்பது இலக்கணம். ‘டமடம’, ‘டக்’ இரண்டும் அதைக் கேட்பதில்லை. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்தே முடிக்கும். ஆனால் ‘களுக்’, ‘பளிச்’, ‘படக்’ எல்லாம் வல்லினத்தில் அப்படியே வெட்டுண்டு நிற்கின்றன. உடனே ‘என்று’ வந்து தாங்கிக்கொள்கிறது: களுக்கென்று சிரித்தாள், பளிச்சென்று மின்னியது.

இந்த ‘என்று’தான் எனக்கு மிகப் பெரிய துப்பாகத் தெரிகிறது. “வருகிறேன் என்று சொன்னாள்” என்பதில் அது பிறர் பேச்சை அப்படியே எடுத்துச் சொல்லும் சொல். “மழை சோவென்று பெய்தது” என்பதிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. இங்கே நாம் மழையை மேற்கோள் காட்டுகிறோம். பிறர் பேச்சைத் திருப்பிச் சொல்லும்போது குரலை மாற்றலாம், இழுக்கலாம், கையை ஆட்டலாம். அதனால்தான் ‘சோஓஓ’வென்று நீட்ட முடிகிறது. ‘பெய்தது’ என்ற சொல்லை அப்படி நீட்டினால் மழை கூடாது.

விதிகளை ஒதுக்குவதால் இவை கட்டுப்பாடற்றவை என்று நினைத்துவிடக் கூடாது. இவற்றுக்கென்று தனி அமைப்பு உண்டு. ‘குபு’ என்ற வேரை எடுத்துக்கொள்வோம். குழாயிலிருந்து தண்ணீர் ஒருமுறை எம்பிக் கொட்டினால் குபுக். விடாமல் கொட்டினால் குபுகுபு. எதிர்பாராமல் மொத்தமாகப் பீறிட்டால் குபீர். கூட்டம் குபீரென்று சிரிப்பதும் அதனால்தான். வல்லினத்தில் வெட்டினால் ஒருமுறை, சிறிது. ‘ஈர்’, ‘ஆர்’ என்று முடிந்தால் ஒருமுறை, ஆனால் விசையோடு. இரட்டித்தால் தொடர்ச்சி. இதே அச்சில் படக், படார், படபட என்று ஒரு குடும்பம். வலிக்கும் ஒரு குடும்பம் உண்டு: முள் சுருக்கென்று தைக்கும், சவுக்கடி சுரீரென்று விழும். ஒளிக்கும் அப்படியே: பளிச், பளீர், பளபள. ஒளிக்கும் வலிக்கும் ஓசை கிடையாது. இருந்தும் எத்தனை முறை, எவ்வளவு வேகம் என்பதை நாக்கின் அசைவே காட்டிவிடுகிறது.

எல்லா வேருக்கும் எல்லா வடிவமும் கிடைப்பதில்லை. மினுக் உண்டு, மினுமினு உண்டு, ‘மினீர்’ என்று யாரும் சொல்வதில்லை. மங்கலான மினுக்கலுக்கு விசை எதற்கு என்று மொழி விட்டுவிட்டது போலும்.

அப்படியானால் அந்நிய மொழிக்காரரும் ஒலியைக் கேட்டே பொருளைக் கண்டுபிடித்துவிடுவாரா? மார்க் டிங்கமான்சேயும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். ஜப்பானியம், கொரியம், செமாய், சிவு, ஏவே ஆகிய ஐந்து மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களை டச்சுக்காரர்களிடம் கொடுத்து, இரண்டு பொருள்களில் எது சரி என்று கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாகிவிடும். அதைவிடச் சற்றே கூடுதலாகத்தான் சரியாகச் சொன்னார்கள். ஓசையைக் குறிக்கும் சொற்களில் ஊகம் நன்றாகப் பலித்தது, மற்றவற்றில் குறைந்தது. ஒலியில் பொருளின் சாயல் இருக்கிறது. மீதியைப் பிறந்த வீட்டில்தான் கற்க வேண்டும்.

இதற்குச் செஞ்சியிலேயே சாட்சி உண்டு. இந்தப் பக்கம் மல்லாட்டை காயப்போடுகிறவர்கள் ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பருப்பு கலகலவென்று உருண்டால் நன்றாகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தெலுங்கர் அந்த மாதிரி ஓசையைக் ‘கலகல’ என்பார், இரண்டு ககரத்தையும் மெலித்து. ஓசை பொதுவானதால் சொல்லும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. பளபளப்புக்குப் போனால் நிலைமை வேறு. செஞ்சியை ஆண்ட நாயக்கர்களின் தெலுங்கில் மின்னுவது ‘தளதள’. அதே ‘தளதள’ தமிழில் செழித்த கீரைக்கும் கொதிக்கும் உலைக்கும் போய்விட்டது. ஓசை இல்லாத இடத்தில் ஒவ்வொரு மொழியும் தன் வழியைத் தேர்ந்துகொள்கிறது.

நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த எமனோ, 1969இல் எழுதிய கட்டுரையில், இவ்வகை இரட்டைச் சொற்கள் திராவிட மொழிகளிலும் வட இந்திய மொழிகளிலும் பரவிக்கிடப்பதைக் காட்டி, இதை இந்தியப் பெருநிலத்தின் பொதுக்கூறு என்றார். பல மொழிகளில் இவை ஓசையோடு நின்றுவிடுகின்றன. சில மொழிகளில் அசைவுக்கும், அதன்பின் காட்சிக்கும், தொடுதலுக்கும், கடைசியில் மனத்துக்கும் போகின்றன. தமிழ் அந்த வழி முழுவதும் போயிருக்கிறது: சலசல, விறுவிறு, பளபள, சொரசொர, தவறு செய்தவன் மனத்தின் குறுகுறுப்பு.

இவை சாதாரணச் சொல்லாக அடங்குவதும் உண்டு. ‘பரபர’வென்று ஓடினான் என்பதில் ஓட்டம் தெரிகிறது. ‘பரபரப்பு’ என்று பெயர்ச்சொல்லாகி நாளிதழ்த் தலைப்பில் உட்கார்ந்ததும் எதுவும் ஓடுவதில்லை. ‘என்று’ போய் விகுதி ஒட்டியதும் நடிப்பு நின்றுவிடுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இத்தகைய சொற்களை ஒலிக்குறிப்பு என்று அடையாளமிட்டுப் பதிந்திருக்கிறது. ஆனால் அகரவரிசையில் ஒவ்வொன்றும் தனித்தனியே கிடப்பதால் குடும்பம் புலப்படுவதில்லை. ஊருக்கு ஊர் வழங்கும் வடிவங்களோ இன்னும் ஏராளம். உங்கள் வீட்டில் தூறலுக்கும் பெருமழைக்கும் பிள்ளைகளின் சிரிப்புக்கும் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். எதைப் பற்றிச் சொன்னது, ஒருமுறை நடந்ததா தொடர்ந்ததா, எந்த ஊர் என்ற மூன்றையும் கூடவே குறித்துவிடுங்கள்.