வீட்டு போருக்கு எந்த மோட்டார்? ஹெச்.பி.க்கு முன்னால் பார்க்க வேண்டியது கோடை நீர்மட்டம்

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க வீடுகளில் இரண்டு வகை மோட்டார்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. தரைமேல் நின்று தண்ணீரை உறிஞ்சுவது மோனோபிளாக். போருக்குள் தண்ணீரில் மூழ்கி நின்று மேலே தள்ளுவது சப்மெர்சிபிள். எது பொருந்தும் என்பதைக் கடையில் உள்ள மாடல்களோ பக்கத்து வீட்டில் ஓடும் ஹெச்.பி.யோ முடிவுசெய்வதில்லை. கோடையில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த போரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதே முடிவுசெய்கிறது.

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள கொமரலிங்கத்தில் இந்த வேறுபாட்டை ஒரே ஊருக்குள் காணலாம். அமராவதி ஆற்றங்கரையில் உள்ள இவ்வூருக்குத் தன் பெயரிலேயே ஒரு பழைய ராஜவாய்க்கால் உண்டு. ஆற்றையும் வாய்க்கால் வயலையும் ஒட்டிய இடங்களில் நிலத்தடி நீர் மேலாக நிற்கும். பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் தண்ணீர் கடினப் பாறையின் விரிசல்களில்தான் ஓடுகிறது. அதை எடுக்க நூற்றுக்கணக்கான அடி இறங்க வேண்டும். ஆகவே வாய்க்கால் ஓரத்து வீட்டுக்குப் பொருந்திய மோட்டார் மேட்டுக்காட்டு வீட்டுக்குப் பொருந்தாது.

மோனோபிளாக்கின் எல்லை

உறிஞ்சும் மோட்டார் உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள காற்றின் எடை தண்ணீரை மேலே ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தூணின் உயரம் சுமார் 10.3 மீட்டர்தான். குழாய் உராய்வும் மோட்டாரின் தேவையும் போக, நடைமுறையில் கிடைப்பது 6 முதல் 7 மீட்டர், அதாவது 20 முதல் 23 அடி. ஹெச்.பி.யை எவ்வளவு கூட்டினாலும் இந்த எல்லை நகராது.

இந்த அளவை மோட்டாரின் நடுமட்டத்திலிருந்து, ஓடும்போது தண்ணீர் இறங்கி நிற்கும் மட்டம் வரை எடுக்க வேண்டும். காலையில் 15 அடியில் தெரியும் தண்ணீர், மோட்டார் ஓடத் தொடங்கியதும் 28 அடிக்கு இறங்கினால் மோனோபிளாக் அங்கே உதவாது. எல்லையைத் தாண்டியதைக் கண்டுபிடிப்பது எளிது. பம்பிலிருந்து சரளைக்கல் உருளுவது போன்ற சத்தம் வரும். டெலிவரியில் தண்ணீர் விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றினால்தான் பம்ப் எடுக்கிறது என்றால், முதலில் ஃபுட் வால்வும் உறிஞ்சு குழாயின் இணைப்புகளும் காற்றுப் புகாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எல்லைக்குள் தண்ணீர் நிற்கும் ஆற்றோர வீட்டுக்கும், தொட்டியிலிருந்து மாடி டேங்குக்கு ஏற்றவும் மோனோபிளாக்கே மேல். அது கண்ணெதிரே நிற்கிறது. சீல், பேரிங், கெப்பாசிட்டர் எது போனாலும் உள்ளூர் மெக்கானிக் அங்கேயே மாற்றிவிடுவார். 23 அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் சப்மெர்சிபிள்தான் நேரான வழி.

ஹெட் கணக்கு

ஹெட் என்பது தண்ணீரை மொத்தமாக எவ்வளவு உயரம் தள்ள வேண்டும் என்ற அளவு. போரின் ஆழம் வேறு, ஹெட் வேறு. 350 அடி போர் என்பதால் 350 அடி ஹெட் வேண்டும் என்று பொருளல்ல. ஓடும்போது உள்ள நீர்மட்டத்திலிருந்து டேங்கின் வாய் வரை உள்ள உயரத்துடன் குழாய் உராய்வைக் கூட்டினால் வருவதே ஹெட்.

மேட்டு நிலத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆறரை அங்குல போர், ஆழம் 350 அடி. கோடையில் மோட்டார் ஓடாதபோது தண்ணீர் 170 அடியில் நிற்கிறது. ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பி முடியும்போது 220 அடிக்கு இறங்குகிறது. டேங்கின் வாய் தரையிலிருந்து 30 அடி உயரம். ஒன்றேகால் அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 30 லிட்டர் போனால், வளைவு, வால்வு எல்லாம் சேர்த்து உராய்வு 10 அடிக்குள் அடங்கும். ஆக மொத்தம் 260 அடி, அதாவது 79 மீட்டர்.

நிமிடத்துக்கு 30 லிட்டரை 79 மீட்டர் ஏற்ற, தண்ணீருக்கு மட்டும் சுமார் 390 வாட் திறன் சேர வேண்டும். சிறிய பம்புகளில் பாதிக்கு மேல் வீணாகும். பம்பின் செயல்திறனை 45 சதவீதம் என்று கொண்டால் மோட்டார் தர வேண்டியது சுமார் 860 வாட். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். எனவே இந்த வீட்டுக்கு ஒரு ஹெச்.பி. போதாது, ஒன்றரை ஹெச்.பி. போதும்.

மழைக்காலத்தில் இதே போரில், ஓடும்போதும் தண்ணீர் 100 அடியில் நிற்கலாம். அப்போது ஹெட் 140 அடி, அதாவது 43 மீட்டர்தான். அதிக ஹெட்டுக்குச் செய்த பம்ப் மிகக் குறைந்த ஹெட்டில் ஓடினால் அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளும். மின்னோட்டம் கூடி மோட்டார் சூடாகும். ஆகவே பெயர்த்தகட்டில் உள்ள ஹெட் ரேஞ்ச் 43 மீட்டரையும் 79 மீட்டரையும் உள்ளடக்க வேண்டும். அப்படி அமையாவிட்டால் டெலிவரியில் ஒரு வால்வு வைத்து, மழைக்காலத்தில் சற்று மூடி ஓட்டலாம்.

கடையில் சொல்லப்படும் ‘மேக்ஸிமம் ஹெட்’ என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அந்த உயரத்தில் பம்ப் ஒரு சொட்டும் தராது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘79 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?’ நிறுவனத்தின் அட்டவணையில் அதற்கு விடை இருக்கும்.

ஊற்றை மிஞ்சக் கூடாது

போர் போடும்போது ‘ரெண்டு இன்ச் தண்ணி’ என்று சொல்வது மோட்டார் தேர்வுக்குப் போதாது. கம்ப்ரசர் வைத்துக் கழுவும்போதோ, பழைய மோட்டாரை ஓட்டியோ, வரும் தண்ணீரை அளவு தெரிந்த டிரம்மில் பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்வதே சரி.

ஆறரை அங்குல போரில் ஓர் அடி உயரத்துக்குச் சுமார் ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். மேலே சொன்ன வீட்டில் கோடை ஊற்று நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று கொள்வோம். 30 லிட்டர் எடுக்கும் மோட்டார் ஓடினால் 10 லிட்டர் குறை விழும். மட்டம் நிமிடத்துக்கு ஒன்றரை அடி இறங்கும். மோட்டாரை 280 அடியில் தொங்கவிட்டிருந்தால், 170 அடியிலிருந்து அங்கே இறங்க 70 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 2,100 லிட்டர் கிடைத்துவிடும். அதே போரில் நிமிடத்துக்கு 60 லிட்டர் எடுக்கும் பெரிய மோட்டாரை இறக்கினால் குறை 40 லிட்டர். 18 நிமிடத்தில் மட்டம் மோட்டாரின் வாய்க்கு வந்துவிடும். கிடைப்பது சுமார் 1,070 லிட்டர். பெரிய மோட்டார் ஒரே ஓட்டத்தில் பாதித் தண்ணீரையே தருகிறது, அதன்பின் வெறுமனே ஓடிக் காயில் கருகும் ஆபத்தும் சேர்கிறது.

சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பது அதன் உடலை உரசிப் போகும் தண்ணீர்தான். ஆகவே கோடை மட்டத்துக்குக் கீழே போதிய இடைவெளி விட்டும், அடியில் சேரும் மண்ணில் புதையாதபடி போரின் தரையிலிருந்து குறைந்தது 20 அடி மேலேயும் நிறுத்த வேண்டும். தண்ணீர் தீர்ந்ததும் தானாக நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு பேனலில் இருப்பது கட்டாயம்.

மின்சாரமும் கேபிளும்

பெரும்பாலான வீடுகளில் இருப்பது சிங்கிள் பேஸ் இணைப்பு. வீட்டில் மூன்று பேஸ் இருந்தால் அதற்கான மோட்டாரே நல்லது; அதற்குக் கெப்பாசிட்டர் தேவையில்லை, மின்னோட்டமும் குறைவு. ஆனால் ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு அதற்கு வேண்டும்.

சிங்கிள் பேஸ் ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுக்கும். போருக்குள் 280 அடியும் பேனல் வரை உள்ள தூரமும் சேர்த்தால் கேபிள் 100 மீட்டர் ஆகும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் சுமார் 15 வோல்ட் வழியிலேயே தொலையும். நான்கு சதுர மில்லிமீட்டரில் 9 வோல்ட்தான். மாலையில் வீட்டுக்கு 190 வோல்ட் வந்தால், மெல்லிய கேபிளின் முடிவில் மோட்டாருக்குக் கிடைப்பது 175 வோல்ட். மோட்டாரின் சுழற்றும் விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 230 வோல்ட்டில் உள்ள விசையில் ஆறில் மூன்றரைப் பங்குதான் மிஞ்சும். ஸ்டார்ட் ஆகாமல் உறுமுவதும் ஓவர்லோடு விழுவதும் இதனால்தான். இந்தக் குறைக்கு மருந்து தடித்த கேபிள், கூடுதல் ஹெச்.பி. அல்ல.

விற்ற பிறகு யார் வருவார்?

மோனோபிளாக் பழுதானால் கழற்றிக் கையில் எடுத்துப் போகலாம். சப்மெர்சிபிள் பழுதானால் செயின் பிளாக்கும் ஆட்களும் வந்து, 280 அடிக் குழாயைக் கழற்றித் தூக்க வேண்டும். ஆகவே சப்மெர்சிபிளில் டீலரின் பின்துணை விலைக்குச் சமமாக எடைபோட வேண்டிய விஷயம்.

மோட்டார், பம்ப் தொழிலின் தலைநகரான கோவை பக்கத்தில் இருப்பது இந்தப் பகுதிக்கு வாய்ப்பு. உதிரிப்பாகமும் ரீவைண்டிங் ஆட்களும் எளிதில் கிடைக்கிறார்கள். ஆனாலும் நிறுவனத்தின் பெயரைவிட, உடுமலையிலோ மடத்துக்குளத்திலோ அந்த மாடலைப் பழுது பார்ப்பவர் இருக்கிறாரா என்பதே முக்கியம். வாங்கும்முன் டீலரிடம் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் மோட்டாரைத் தூக்கும் கூலி யாருடையது? இந்த மாடலுக்கான புஷ், இம்பெல்லர், த்ரஸ்ட் பேரிங் கடையில் இருப்பில் உண்டா? ரீவைண்டிங் எங்கே நடக்கும், எத்தனை நாள் ஆகும்? காயில் எரிந்தால் எந்தக் காரணங்களுக்கு உத்தரவாதம் செல்லாது?

தூக்கும் கூலி பொதுவாக உத்தரவாதத்தில் சேராது. தண்ணீரில்லாமல் ஓடியது, குறை மின்னழுத்தம், மணல் தேய்த்தது ஆகியவற்றைக் காரணம் காட்டி மறுப்பதும் உண்டு. பேனலில் பாதுகாப்பு பொருத்தியிருப்பது இதற்கும் உதவும். சப்மெர்சிபிளுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 8034. தகட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அதன் உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

மோட்டாரை இறக்கும் நாளில் பெயர்த்தகட்டைப் படம் எடுத்து, வரிசை எண், இறக்கிய ஆழம், கேபிள் அளவு, அன்றைய நீர்மட்டம், ஓடும்போது எடுக்கும் ஆம்பியர் ஆகியவற்றை பில்லின் பின்புறம் எழுதி வைக்க வேண்டும். பின்னால் ஆம்பியர் கூடினால் புஷ் தேய்மானமோ மணலோ இருக்கலாம்; ஆம்பியரும் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் மட்டம் இறங்கியிருக்கலாம். மோட்டாரைத் தூக்காமலேயே பாதி நோயை இந்தக் குறிப்பு சொல்லிவிடும். கடைக்குப் போகும்போது கோடை நீர்மட்டம், டேங்க் உயரம், ஊற்றின் அளவு, வீட்டு வோல்ட்டேஜ் என்ற நான்கு எண்களையும் எழுதிக் கொண்டு போங்கள், ஹெச்.பி.யை அந்த எண்களிலிருந்து கணக்கிட்டுச் சொல்லும் டீலரிடமே வாங்குங்கள்.