பொங்கல் விடியலுக்குள் 4,000 எழுத்து

கடந்த ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை இரவு. பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மாணவி கூப்பிட்டாள். "சார், மூணே நாள்தான் இருக்கு. இன்னும் ஒரு வரிகூட எழுதல." எஸ்.டி.பி.எம். படிப்பவள். பிரிட்டனில் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க யூகாஸ் வழியாக விண்ணப்பிக்கிறாள். கெடு ஜனவரி 14, லண்டனில் மாலை 6 மணி. நமக்கு அது 15ஆம் தேதி அதிகாலை 2 மணி, பொங்கலன்று.

2026 சேர்க்கைக்கான விண்ணப்பத்திலிருந்து நீண்ட ஒற்றைக் கட்டுரை கிடையாது. மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப்படிப்பு எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளியும் உட்பட, 4,000 எழுத்துதான். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350 இருக்க வேண்டும்.

முதல் கேள்வியைத் தொடாதே என்றேன். அதில் உட்கார்ந்தால் "சிறு வயது முதலே" என்று தொடங்கி ஒரு நாள் போய்விடும். பரிந்துரை எழுதும் ஆசிரியருக்கு அன்றிரவே செய்தி அனுப்பச் சொன்னேன். அவருக்கும் நேரம் வேண்டும். பிறகு நேராக மூன்றாம் கேள்வி. அவளிடம் மட்டுமே இருப்பது அங்கேதான் இருந்தது.

அவள் தாத்தா பால்மரம் வெட்டுகிறவர். பால் மங்கிலேயே கட்டிவிடாமல் இருக்க அம்மோனியா சொட்டுவிடுவாராம். படிவம் ஐந்தில் காரணம் படித்தவள், மூன்று மங்கில் பாலை வைத்துப் பார்த்திருக்கிறாள். அமிலம் விட்டது சீக்கிரமே கட்டியது. ஒன்றும் விடாதது இரவு கழிந்து கட்டியது, கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால். அம்மோனியா விட்டது பாலாகவே இருந்தது. பால்துகள்களின் எதிர்மின்னூட்டத்தை அமிலம் போக்கிவிடுவதால் அவை ஒட்டிக்கொள்கின்றன. இதை முதலில் சொல்லவே கூச்சப்பட்டாள். "தோட்டத்து வேலைதானே சார்?" எனக்கு மனசு வலித்தது. இதைவிட நல்ல விடை எந்த டியூஷனில் கிடைக்கும்?

திங்களன்று அதை எழுதினாள். செவ்வாயன்று இரண்டாம் கேள்வி: வினைவேகச் சோதனையில் அவள் அளவு எங்கே பிசகியது, எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது மட்டும். மதிப்பெண்களை விட்டோம், அவை படிவத்திலேயே இருக்கின்றன. பல்கலைக்கழகங்களின் பெயரையும் விட்டோம், ஐந்து இடங்களுக்கும் போவது ஒரே எழுத்துதான். சிலம்பம், கேடட் பட்டியலும் போனது. சிலம்பத்தை விட அவளுக்கு மனமில்லை. ஆனால் பொறியியலுக்கோ வேதியியலுக்கோ அது எதையும் சொல்லவில்லை.

நடுவில் ஓர் அக்கா தன் பழைய கட்டுரையை அனுப்பியிருந்தார். திறக்காதே என்றேன். யூகாஸ் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அவசரத்தில் படித்த வாக்கியம் நம்மை அறியாமல் கையில் வந்துவிடும்.

புதன் காலையில் முதல் கேள்விக்கு வந்தபோது விடை கிட்டத்தட்ட கையில் இருந்தது: மங்கில் பார்த்ததை ஆலைத் தொட்டி அளவில் செய்தால் என்ன மாறும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதையே எழுதினாள். மாலையில் உரக்கப் படித்து மூச்சு முட்டிய இடங்களை வெட்டினாள். இரவு ஒன்பதுக்கு அனுப்பிவிட்டு, கோலமாவு கரைக்கப் போனாள்.