மூலநிரலும் மறைபேணல் உடன்படிக்கையும்

கணினி மென்பொருள் ஒவ்வொன்றும் இரு வடிவங்களை உடையது. மனிதர் எழுதியும் படித்தும் திருத்தியும் வருவது மூலநிரல். அதனைக் கணினி ஏற்று இயக்கத்தக்கவாறு மாற்றிய வடிவம் இயக்கநிரல். விலைகொடுத்து வாங்குவோர் கையிற் பெரும்பாலும் பின்னையதே சேர்கின்றது. அதிலிருந்து முன்னையதை மீட்டெடுப்பது மிகக் கடினம். ஆதலின் மூலநிரலைத் தன்னிடத்தே வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பெரிய அச்சமில்லை. வேலையின் ஒரு பகுதியை வெளிநிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கும்பொழுதே இடர் தோன்றுகின்றது. மூலநிரலைக் கொடாமல் அதனைத் திருத்துவிக்க முடியாதன்றோ?

பதிப்புரிமைச் சட்டம் நிரலைப் பிரதி செய்வதைத் தடுக்கும். ஆனால் அந்நிரலின் உட்பொருளாகிய செய்முறையைக் கற்றுக்கொண்டு வேறு சொற்களில் எழுதுவதைத் தடுக்காது. அங்கே துணைநிற்பது வணிக இரகசியம் பற்றிய சட்டம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு இதனைக் கூறுகின்றது. பாதுகாப்பைப் பெறுதற்கு மூன்று தகைமைகள் வேண்டும்: அவ்விடயம் அத்துறையினர்க்குப் பொதுவாகத் தெரியாததாய் இருத்தல், இரகசியமாயிருப்பதனாலேயே வணிகப் பெறுமதி உடையதாதல், உடையவர் அதனை மறைவாக வைத்திருக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருத்தல். மூன்றாவதற்கு முதற்சான்றாக வந்து நிற்பது மறைபேணல் உடன்படிக்கையே. ஆகவே, அது மற்றவரைக் கட்டுப்படுத்தும் கயிறு மாத்திரமன்று. உடையவர் தம் பொருளை எவ்வாறு மதித்தார் என்பதற்குச் சாட்சியுமாகும். பிழைபட எழுதப்பட்டால் அச்சாட்சி உடையவருக்கு எதிராகவே பேசும்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். கூட்டுறவுச் சங்கங்களின் கடன் கணக்கை வைக்கும் மென்பொருளை யாழ்ப்பாணத்து நிறுவனம் ஒன்று ஆக்கியிருக்கின்றது. தவணைக்கு முன்னரே பகுதிப்பணம் செலுத்துவோருக்கு வட்டியைப் பிழையின்றிக் கணிக்கும் முறையே அதன் சிறப்பு. அம்மென்பொருளைக் கைத்தொலைபேசியில் இயங்கச் செய்யும் வேலையை வெளிநிறுவனம் ஒன்றிடம் கொடுக்கின்றது. உடன்படிக்கை 2024 சனவரி 1இல் ஒப்பமிடப்படுகின்றது. வேலை 2025 யூன் முடிவில் நிறைவெய்துகின்றது.

முதலில் நோக்கவேண்டியது எல்லை. “இரகசியம் என முத்திரையிட்ட ஆவணங்கள்” என்று மாத்திரம் எழுதினால், வேலைக்கிடையே அனுப்பப்படும் நூற்றுக்கணக்கான கோப்புக்களில் எதற்கு முத்திரை இடுவது? 2013ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிச் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்று தீர்த்த கொன்வொல்வ் என்னும் நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல பாடம். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட செய்திகளை 20 நாட்களுள் எழுத்தில் இரகசியமென உறுதிப்படுத்தவேண்டும் என்று அவர்களுடைய உடன்படிக்கை விதித்திருந்தது. அவ்வாறு உறுதிப்படுத்தாத செய்திகளுக்குப் பாதுகாப்பில்லை என்று நீதிமன்று கூறிவிட்டது. ஆதலால், மூலநிரல் முத்திரை இருப்பினும் இல்லாவிடினும் இரகசியமே என்று உடன்படிக்கையிற் பெயர்சுட்டி எழுதுதல் வேண்டும். நிரலோடு அதன் விளக்கக் குறிப்புக்கள், முந்திய திருத்தங்களின் வரலாறு, வடிவமைப்பு ஆவணங்கள், கடவுச்சொற்கள் ஆகியனவும் அடங்கும் எனல் வேண்டும். மறைத்தலோடு பயன்பாட்டையும் வரையறுத்தல் அவசியம்: இன்ன வேலைக்கன்றி வேறொன்றுக்கும் பயன்படுத்தலாகாது, பெயர் குறித்த ஊழியரன்றிப் பிறர் காணலாகாது. பிறருக்கு வெளியிடாமலே தன் சொந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தும் வெளிநிறுவனத்தை, “வெளியிடாதே” என்னும் ஒரு சொல் தடுக்கமாட்டாது.

இரண்டாவது காலம். பல உடன்படிக்கைகளில் “ஒப்பமிட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகள்” என்று எழுதிவிடுகின்றனர். நம் உதாரணத்தில் இது 2025 திசெம்பர் முடிவில் தீர்கின்றது. வேலை முடிந்து ஆறே மாதங்களில் வெளிநிறுவனம் கட்டு நீங்கிவிடுகின்றது. கேடு அவ்வளவில் நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநில மேன்முறையீட்டு நீதிமன்று 1999இல் ஈ.சி.ரி. என்னும் மென்பொருள் நிறுவனத்தின் வழக்கைத் தீர்த்தது. அந்நிறுவனம் தன் ஊழியரை, வேலையிலிருந்து நீங்கியபின் ஓராண்டு மாத்திரமே இரகசியம் காக்குமாறு கட்டியிருந்தது. ஓராண்டின் பின் இரகசியம் வேண்டியதில்லை என்பதே நிறுவனத்தின் கருத்தென அதனால் வெளிப்படுகின்றது என நீதிமன்று கொண்டது. அது ஊழியர் பற்றிய வழக்கேயாயினும், அந்நியாயத்தை வெளிநிறுவனமும் எடுத்துரைக்கலாம் என்பது தெளிவு. அமெரிக்கத் தீர்ப்புக்கள் நம் நீதிமன்றுகளைக் கட்டுப்படுத்தா. எனினும் “நியாயமான நடவடிக்கை” என்னும் தகைமை இரு நாட்டுச் சட்டங்களிலும் உண்டு.

காலவரையற்ற கட்டுக்கு வெளிநிறுவனங்கள் எளிதில் இணங்கமாட்டா. விலைப்பட்டியல், வாடிக்கையாளர் பெயர் முதலிய பொதுச் செய்திகளுக்கு அவர்களது தயக்கம் நியாயமே. ஆகவே காலத்தை இரண்டாகப் பிரித்தல் தகும். பொதுச் செய்திகளுக்கு வேலை முடிந்த நாளிலிருந்து 3 அல்லது 5 ஆண்டுகள் என்க. மூலநிரலுக்கோ, அது வணிக இரகசியமாய் நிலைக்கும் வரை என்க. காலத்தை ஒப்பமிட்ட நாளிலிருந்து எண்ணாமல் வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணுதலும் மறக்கற்பாலதன்று.

மூன்றாவது விலக்குக்கள். முன்னரே பொதுவிலுள்ளது, பெறுபவர் முன்னரே அறிந்தது, கட்டுப்பாடில்லாத மூன்றாமவரிடமிருந்து பெற்றது, பெறுபவர் தாமே தனித்து ஆக்கியது ஆகிய நான்கும் வழக்கமான விலக்குக்கள். இவை நீதியானவையே, இவற்றை நீக்குமாறு கேட்பதிற் பயனில்லை. இவற்றின் வாயிலை எவ்வளவு ஒடுக்குவது என்பதே வினா.

2026இல் அவ்வெளிநிறுவனம் அதேபோன்ற கடன் மென்பொருளை விற்கத் தொடங்கிற்று எனக் கொள்வோம். “வட்டிச் சூத்திரம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் உண்டு; நிரலின் பல பகுதிகள் எவரும் எடுத்தாளத்தக்க திறந்த மூலநிரல்கள்” என்று அது வாதிக்கும். கூற்று உண்மையே. ஆனால் பொதுவான பகுதிகளைத் தெரிந்து, இன்ன ஒழுங்கில் இணைத்த தொகுதி பொதுவானதன்று. தனித்தனிப் பகுதிகள் பொதுவிலிருப்பதால் மாத்திரம் அவற்றின் சேர்க்கை விலக்கினுள் அடங்காது என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் அவ்வாதம் வலியிழக்கும். தனித்து ஆக்கியதென்னும் விலக்கு, மூலநிரலைக் காணாத ஊழியர் ஆக்கியதற்கே பொருந்தும் எனவும், விலக்கை எடுத்துரைப்பவரே அதனை அக்காலத்து எழுத்துப் பதிவுகளால் எண்பித்தல் வேண்டும் எனவும் எழுதுக. இச்சுமை எவர்மேலது என்று குறிப்பிடாதவிடத்து, பிறருடைய அலுவலகத்தினுள் நிகழ்ந்ததை எண்பிக்க உடையவரே வழிதேடி அலைய நேரிடலாம்.

சில வரைவுகளில், ஊழியரின் நினைவில் எஞ்சியிருப்பதைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் ஐந்தாவது விலக்கொன்று ஓசையின்றிப் புகுந்திருக்கும். ஆறு மாதம் ஒரு நிரலைத் திருத்தியவர் அதன் செய்முறையை நினைவிற்கொள்ளாதிருப்பாரா? இவ்வொரு வாக்கியம் ஏனைய பாதுகாப்பு யாவற்றையும் வெறுமையாக்கிவிடும். அதனை நீக்குக, நீக்க இணங்காவிடின், மூலநிரலுக்கு அது பொருந்தாது என்றாவது எழுதுவிக்குக. நீதிமன்றின் கட்டளைப்படி வெளியிடுதலை விலக்குக்களோடு சேர்த்தலும் தவறு. கட்டளையிட்ட அளவுக்கு, இயன்றவிடத்து முன்னறிவித்தலோடு, வெளியிடலாம் என்பதே முறை. மற்றெல்லாவற்றுக்கும் அப்பொருள் இரகசியமாகவே நிலைக்கும்.

இறுதியாக, திருப்பிக் கொடுத்தல் பற்றி ஒரு சொல். `git clone` என்னும் ஒரு கட்டளையால் நிரலும் அதன் வரலாறு முழுவதும் ஊழியரின் கணினியிற் படிந்துவிடுகின்றன. ஆகவே, வேலை முடிந்து 14 நாட்களுள் எல்லாப் பிரதிகளையும் அழித்து, பொறுப்பதிகாரி ஒப்பமிட்ட அத்தாட்சி தருதல் வேண்டும் என எழுதுக. காப்புப் பிரதிகளை உடனே அழிக்க இயலாதெனின், அவை அழியுமட்டும் கட்டு நீடிக்கும் என்றும் சேர்க்குக. அவ்வத்தாட்சி கைக்கு வந்தபின்னரே இறுதித் தவணைப் பணத்தைக் கொடுப்பதென முதலிலேயே பேசிவைத்தால், அதனைப் பெறுதலும் எளிதாகும்.