தொலைந்த பில், தொலையாத விற்பனை

முதல் சலவையிலேயே தையல் பிரிந்துபோன ஒரு சட்டை ஜவுளிக்கடையின் கவுன்டருக்குத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் 2025 செப்டம்பர் 27. வாங்கியவரிடம் பில் இல்லை, சட்டையில் டேக்கும் இல்லை. இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாங்கியதாக நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

இதே சட்டை ரேக்கில் 1,575 ரூபாய்க்குத் தொங்குகிறது. அந்தப் பணத்தைக் கொடுத்து அனுப்பினால் கணக்கு தப்பாகிவிடும். செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. வரி சேர்க்காமல் 1,500 ரூபாய் விலையுள்ள இந்தச் சட்டைக்கு அதற்கு முன் 12 சதவீத வரி, அதற்குப் பின் 5 சதவீதம். 14ஆம் தேதி வாங்கியவர் 1,680 ரூபாய் கொடுத்திருப்பார். திருப்பித் தரும்போது போடும் கிரெடிட் நோட்டில் விற்ற அன்றைய விலையும் வரியும்தான் வர வேண்டும். தேதிக்கும் தனி மதிப்பு உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிக்காத கடை, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஆகவே சட்டையைப் பார்த்தால் மட்டும் போதாது, அந்த விற்பனையையே தேடிப் பிடிக்க வேண்டும்.

சட்டையின் உள்பக்கத் தையலில் இருக்கும் சின்னத் துணி லேபிள் மாடலையும் 42 என்ற சைஸையும் சொல்கிறது. அதே சட்டை ரேக்கில் இருப்பதால் அதன் பார்கோடை ஸ்கேன் செய்யலாம். ஆனால் கம்பெனி அச்சிடும் 13 இலக்கப் பார்கோடு ஒரு ரகத்தின் எண். அந்த மாடலில், அந்த நிறத்தில், அந்த சைஸில் தைத்த எல்லாச் சட்டைக்கும் அது ஒன்றுதான். சேலைக்குச் சேலை தனி எண் ஒட்டும் கடைகளில் டேக் கிடைத்தால் அதுவே நேராகப் பில்லைக் காட்டிவிடும். இங்கே அந்த வசதி இல்லை.

ஆகையால் ரகம், நாள், நேரம், தொகை என்று ஒவ்வொரு துப்பாகச் சேர்த்துத் தேட வேண்டியிருக்கிறது. தனியாகப் பார்த்தால் எதுவுமே ஒரு பில்லைச் சுட்டாது. அந்த ரகம் பல பில்களில் இருக்கும்; அந்த ஞாயிறு சாயங்காலம் நூற்றுக்கணக்கான பில் போட்டிருப்பார்கள். இரண்டும் பொருந்த வேண்டும் என்று கேட்டால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். கம்ப்யூட்டருக்கு இது கண்சிமிட்டும் நேர வேலை. வரிசைப்படுத்திய பட்டியலை நடுவில் பிரித்து, வேண்டாத பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் பத்து லட்சம் பில்லில் ஒன்றைத் தொட 20 படிகள்தான்.

நம் சட்டைக்கு அந்தத் தேடலில் ஒன்றுமே சிக்கவில்லை. அந்த ஞாயிறு 42 சைஸ் விற்றதாகவே பதிவு இல்லை. இப்படி நேர்ந்ததும் வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. பணம் எப்படிக் கொடுத்தார் என்று கேட்க வேண்டும். யுபிஐ என்றால் அவருடைய போனிலேயே தேதி, நேரம், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் எல்லாம் இருக்கும். அதில் 14ஆம் தேதி, இரவு 7.40, 2,205 ரூபாய் என்று இருக்கிறது. தொகையை வைத்துத் தேடியதும் ஒரே பில். அதில் 1,680க்கு ஒரு சட்டை, 315க்கு ஒரு லெக்கிங்ஸ், 210க்கு ஒரு துண்டு. ஆனால் சட்டையின் சைஸ் 40!

ரேக்கை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. 42 சைஸ் கம்ப்யூட்டரில் 4, ரேக்கில் 3. 40 சைஸ் கம்ப்யூட்டரில் 2, ரேக்கில் 3. கூட்ட நேரத்தில் பக்கத்தில் கிடந்த 40 சைஸ் டேக்கை ஸ்கேன் செய்துவிட்டு 42ஐப் பையில் போட்டிருக்கிறார்கள். ஒரு தவறான ஸ்கேன் ஒரு சைஸில் ஒன்றைக் கூட்டியும் இன்னொன்றில் ஒன்றைக் குறைத்தும் இப்படி ஜோடியாகத் தடம் விட்டுப்போவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். உறுதி செய்துகொள்ள, திரையைக் காட்டாமல், “அக்கா, அன்னைக்கு வேற என்ன எடுத்தீங்க?” என்று கேட்டால் போதும். லெக்கிங்ஸும் துண்டும் அவர் வாயிலிருந்தே வரும்.

கிரெடிட் நோட்டை அந்தப் பில்லில் சட்டை இருக்கும் பதிவோடு இணைத்துப் போட வேண்டும். அப்போது அந்தப் பதிவில் திருப்பக்கூடிய எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். தொலைந்த பில் நாளைக்கு வேறு யார் கையில் கிடைத்தாலும் அதே சட்டைக்கு மறுபடி பணம் போகாது. 1,680 ரூபாயும் வந்த வழியிலேயே, யுபிஐ கணக்குக்கே திரும்புகிறது. தையல் விட்ட சட்டை ரேக்குக்குப் போகாமல் டேமேஜ் கணக்கில் ஏறுகிறது. 40, 42 இரண்டின் ஸ்டாக்கையும் அப்போதே திருத்திவிட வேண்டும்.

ரொக்கமாகக் கொடுத்தவர் விஷயத்தில் இது அத்தனை சுலபமில்லை. மொபைல் எண்ணை வைத்துத் தேடலாம் என்றால், அவசரத்தில் 9999999999 என்று தட்டிவிட்ட பில்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். இரண்டு பில் சமமாகப் பொருந்தினால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. அது இன்னொருவரின் பில்லாக இருந்தால் அவர் நாளைக்கு வரும்போது அவருக்குரியது பறிபோயிருக்கும். அந்த இடத்தில் பணம் தராமல், அண்மையில் அந்தச் சட்டை விற்ற மிகக் குறைந்த விலைக்கு மாற்றுச் சரக்கு கொடுக்கிற கடைகள் உண்டு. நம் கதையில் அது 1,575. பில் கிடைக்காமல் போயிருந்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு 105 ரூபாய்.