மலைக்காற்றும் விளையாட்டுத் தொலைபேசியும்

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, அக்காவின் சேமிப்பில் கைத்தொலைபேசி ஒன்று வாங்கப் போகிறோம். உள்ளே விசிறி வைத்த விளையாட்டுத் தொலைபேசி நல்லதா, அதே விலைக்குக் கிடைக்கும் சாதாரண உயர்தரத் தொலைபேசி நல்லதா?" என்றார். வீட்டிலுள்ள ஐவருக்கும் அந்த ஒரு கருவிதான். ஆகவே, விடையை ஆராய்ந்தே கூற வேண்டியவர்களானோம்.

முதலில் வெப்பத்தை நோக்குவோம். இருவகைத் தொலைபேசியிலும் மூளையாக இயங்கும் 'சிப்' பெரும்பாலும் ஒன்றே. நெடுநேரம் விளையாடினால் அது சூடேறும். சூடு எல்லை மீறாதிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது படம் தடுமாறும், திரையும் மங்கும். இதைத் தவிர்க்கவே 2019-இல் வெளிவந்த 'ரெட் மேஜிக் 3' போன்றவற்றில் விசிறியை உள்ளேயே பொருத்தினர்.

ஆயினும் வெப்பம் வெளியேறும் அளவு, கருவிக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. தொலைபேசியின் முதுகு 43 பாகை வரை சூடேறலாம் என்று கொள்வோம். கொழும்பில் காற்று 30 பாகையாயின் வேறுபாடு 13. நுவரெலியாவில் 16 பாகையாயின் வேறுபாடு 27. எனவே, மலையில் விசிறியில்லாத கருவியும் ஏறத்தாழ இருமடங்கு வெப்பத்தை வெளிவிடும். விசிறியின் வேலையில் பெரும்பகுதியை மலைக்காற்றே செய்துவிடுகிறது! ஆனால் முதுகில் மாட்டும் மின்குளிரூட்டியை இங்கு வாங்குதல் ஆகாது. அது காற்றைவிடக் குளிர்ந்துவிட்டால், பனிமூட்ட ஈரம் கருவியின் மேல் நீராய்ப் படியும்.

அடுத்து, தொடுதிரை விரலைத் தேடும் வேகம். விநாடிக்கு 240 முறை தேடும் திரை ஒரு தொடுகையை அறிய அதிகபட்சம் 4.2 மில்லிவிநாடி எடுக்கும். 720 முறை தேடுவது 1.4 எடுக்கும். மிச்சம் 2.8 மில்லிவிநாடியே. இணையச் செய்தி தொலைவிலுள்ள கணினிக்குச் சென்று மீள 60 மில்லிவிநாடி ஆகுமெனின், இந்த மிச்சம் எம்மாத்திரம்? மலைமடிப்பில் சமிக்ஞை தளர்ந்தால் தாமதம் இன்னும் ஏறும். அலைவரிசையைத் தேடியே கருவி மேலும் சூடேறும்.

மூன்றாவது, தோள் பொத்தான்கள். இவற்றின் பயன் மெய்யானது. சுடும் விளையாட்டில் வலப் பெருவிரல் குறிபார்க்கிறது. சுடுவதற்கு அதையே எடுத்தால் குறி தவறும். விளிம்பிலுள்ள பொத்தான் சுட்டுவிரலுக்கு அவ்வேலையைக் கொடுக்கிறது. எனினும், திரையின் மேல் மாட்டும் மலிவான கவ்விகளும் ஓரளவு இதைச் செய்யும்.

காற்றுத்துளை வைத்த விளையாட்டுத் தொலைபேசிகள் பல மழைநீரைத் தாங்கா. ஒளிப்படக் கருவியிலும் அவை பொதுவாகப் பிற்பட்டவை. ஆகவே, போட்டிகளில் இறங்குவோர் தவிர்ந்த மலையகக் குடும்பத்துக்குச் சாதாரண உயர்தரத் தொலைபேசியே தகும் என்போம். வாங்குமுன் நண்பர் ஒருவருடைய அத்தகைய கருவியை, உறையைக் கழற்றி, மின்னேற்றாமல், அரைமணி நேரம் விளையாடிப் பாருங்கள். முடிவிலும் படம் தடுமாறாவிடில், விசிறிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.