ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பைசா?

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கமோ அரியலூர் பேருந்து நிலையத்தை ஒட்டியோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் நின்று பாருங்கள். முதுகில் சதுரப் பையோடு அடுத்த ஆர்டருக்காகச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் தெரிவார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர், வண்டி வாங்குவதற்கு முன் அவர்களிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: “அண்ணே, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?” கேள்வியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கிடைக்கிற பதிலை எப்படிப் படிப்பது என்று தெரியாவிட்டால், தவறான வண்டிக்குப் பணம் போய்விடும்.

நாள் முழுக்க டெலிவரி ஓட்டுகிறவர் தினம் 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,500 கிலோமீட்டர், ஆண்டுக்கு 30,000. கணக்கு எளிதாக இருக்கப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். 40 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு மாதப் பெட்ரோல் 6,250 ரூபாய். 50 கொடுத்தால் 5,000. மிச்சம் 1,250. இனி 60 கொடுக்கும் வண்டியையும் 70 கொடுக்கும் வண்டியையும் பாருங்கள். 4,167 ரூபாய், 3,571 ரூபாய். இங்கேயும் பத்துக் கிலோமீட்டர்தான் கூடியிருக்கிறது; மிச்சமோ 600 ரூபாய்கூட இல்லை.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். ஒரு அளவு எரிபொருளுக்கு எவ்வளவு தூரம் என்று சொன்னால் மக்கள் மிச்சத்தைத் தப்பாக எடைபோடுகிறார்கள்; இவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு எரிபொருள் என்று திருப்பிச் சொன்னால் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டினார்கள். நம் ஊருக்கு இதைக் கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று மாற்றிக்கொண்டால் போதும். 50 கொடுக்கும் வண்டி கிலோமீட்டருக்கு 200 பைசா தின்கிறது. 60 கொடுப்பது 167 பைசா. 70 கொடுப்பது 143 பைசா. நூறு சிசி வண்டிகள் பலவும், நிதானமாக ஓட்டினால், சாலையில் 60ஐ ஒட்டியே நிற்கின்றன. அந்த வட்டத்துக்குள் வந்துவிட்ட பிறகு இரண்டு மூன்று கிலோமீட்டர் மைலேஜ் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, மற்றச் செலவுகளையும் பைசாவாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

நோட்டீஸில் போட்டிருக்கும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. அங்கே பையும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை, ஓட்டல் வாசலில் காத்திருப்பும் இல்லை. உங்கள் வண்டியின் மைலேஜை நீங்களேதான் பார்க்க வேண்டும். பங்கில் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, 250 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, அதே பங்கில் மறுபடி அதே போல் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் விடை வந்துவிடும். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கலவையின் ஆற்றல் ஆறேழு விழுக்காடு குறைந்துதான் இருக்கும். அண்ணன் சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த மைலேஜ் தம்பிக்குக் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்ரோல் எங்கே போகிறது என்பது, ஓட்டும் வேலையைப் பொறுத்து மாறும். டவுனுக்குள் சாப்பாடு கொண்டுபோகிறவருக்கு அது புறப்படுவதிலும் நிற்பதிலும் போகிறது. வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்து 200 கிலோ என்றால், நின்ற இடத்திலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற ஆகும் ஆற்றலைக் கொண்டு, அதே வேகத்தில் தோராயமாக 150 மீட்டர் ஓடிவிடலாம். நான்கு ரோட்டில் பிரேக்கைப் பிடித்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் அவ்வளவும் பிரேக்கில் சூடாகிக் காற்றில் போகிறது. எடை கூடினால் இந்த இழப்பும் அதே விகிதத்தில் கூடும். 112 கிலோ எடையுள்ள ஸ்பிளெண்டர் பிளஸ், 100 கிலோவுக்கும் ஒரு கிலோ குறைவான ஷைன் 100 போன்றவை டவுனில் ஜெயிப்பது இதனால்தான். 140 கிலோவைத் தாண்டும் 150 சிசி வண்டி பார்க்க நன்றாக இருக்கும். இந்த வேலைக்கு அது தேவையில்லாத சுமை.

பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டைப் பக்கமோ, அரியலூரிலிருந்து செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கமோ பார்சல் கொண்டுபோகிறவர் கதை வேறு. அவருக்குப் பெட்ரோலைத் தின்பது காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறும். 50இல் போகிறவர் 60க்கு ஏற்றினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. காற்றுத் தடை 44 விழுக்காடு கூடிவிடும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதை 60இல் ஓட்டினால் 50இல் ஓட்டுவதைவிட மிச்சமாவது ஆறே நிமிடம்.

இதே இருமடிக் கணக்குதான் உடம்பையும் பிடிக்கிறது. ஒற்றை சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் அசைவால் உண்டாகும் உதறல், சுழற்சி வேகத்தின் இருமடியாக ஏறும். அதே கியரில் 40இலிருந்து 60க்குப் போனால் உதறும் விசை இரண்டேகால் மடங்கு. கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சீட் வழியாக அது உள்ளங்கைக்கும் இடுப்புக்கும் வந்து சேருகிறது. இரவு வீட்டுக்குப் போய்த் தட்டில் கை வைக்கும்போது விரல்நுனி மரத்திருப்பதாகச் சொல்கிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்காரர்களின் கைக்கு வரும் அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்திலேயே வரம்பு வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு வரம்பு போட யாரும் இல்லை. ஆகவே ஷோரூமில் சும்மா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வராமல், நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் பத்து நிமிடமாவது பிடித்து, கைப்பிடியும் தொட்டியும் எந்த வேகத்தில் அதிகம் அதிர்கின்றன என்று பாருங்கள். உங்கள் வழக்கமான வேகமும் அதுவும் ஒன்றாக இருந்தால் அந்த வண்டி உங்களுக்கு ஒத்துவராது.

சீட்டின் நீளத்தையும் பாருங்கள். பையை முதுகில் தொங்கவிட்டால் எட்டுப் பத்துக் கிலோவையும் தோளும் முதுகெலும்பும் தாங்க வேண்டியிருக்கும். சீட் நீளமாகவும் மட்டமாகவும் இருந்தால், வாரைச் சற்றுத் தளர்த்தி, பையின் அடியைப் பின்சீட்டில் உட்கார வைக்கலாம். எடை வண்டிக்குப் போய்விடும். வார் பை சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். பின்பக்கம் தூக்கிய சீட்டுள்ள வண்டிகளில் இது முடியாது. கிராமத்துப் பார்சலுக்கு எக்ஸ்எல் 100ஐ எடுக்கிறவர்கள் உண்டு. காலருகில் மூட்டை வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் கியர் மாற்ற வழியில்லாததால் நெடுஞ்சாலை வேகத்தில் அதன் என்ஜின் அலறத்தான் செய்யும், தொட்டியும் சிறியது. 40க்குள் ஓடுகிறவருக்கு அது தோதான வண்டி.

உழைப்பு என்று வந்தால் அரியலூருக்கு என்று தனிக் கணக்கு உண்டு. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளின் பின்னால் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், சட்டைக் காலர் சாம்பல் நிறமாவது. கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தபோது படிந்த சிப்பியும் சேறும்தான் அந்தக் கல். கல்லின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவில் சுண்ணாம்புக்கல் 3; அது ஏர் ஃபில்டரை அடைக்கும், இரும்பைக் கீறாது. கூடவே பறக்கும் மணல் குவார்ட்ஸ். அதன் கடினம் 7. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் சிலிண்டர் சுவரைக் கீறுவது அதுதான். நூறு சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது எண்ணெய் தோய்ந்த தாள் ஃபில்டர். அதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதித் திரும்பப் போடுவது மிச்சம் போலத் தெரியும். எண்ணெய் போய், தாள் கிழிந்து, மணல் உள்ளே போக வழி கிடைத்துவிடும். மாற்ற வேண்டிய பொருள் அது. இங்கே கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்ற வேண்டும். ஃபில்டரைக் கழற்றும்போது என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் நரநரவென்று ஒட்டினால் தூசி ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்தது செயின். முழு மூடி உள்ள வண்டியையே வாங்குங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். ஸ்பிளெண்டரில் அது உண்டு. அழகுக்காகச் செயினைத் திறந்து விட்டிருக்கும் வண்டிகளில் எண்ணெயும் தூசியும் கலந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் புள்ளியில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. செயினை மட்டும் மாற்றிப் பழைய ஸ்பிராக்கெட்டை விட்டால், தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தேய்த்துவிடும்.

வாரண்டியையும் கிலோமீட்டராகப் படிக்க வேண்டும். ஹீரோ கொடுப்பது 5 ஆண்டு அல்லது 70,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. ஆண்டுக்கு 30,000 ஓடுகிறவருக்கு அது இரண்டரை ஆண்டுகூட வராது. எந்தக் கம்பெனி வண்டியானாலும், வாடகைக்கோ தொழிலுக்கோ ஓட்டினால் வாரண்டியும் இன்ஷூரன்ஸும் எப்படி என்று கையெழுத்துப் போடுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மறுவிற்பனையையும் பைசாவாக்குவோம். 90,000 ரூபாய்க்கு எடுத்த வண்டி இரண்டு ஆண்டில் 60,000 கிலோமீட்டர் ஓடி 45,000க்குப் போனால், கிலோமீட்டருக்குத் தேய்மானம் 75 பைசா. அதே விலை வண்டி 35,000க்குத்தான் போகும் என்றால் 92 பைசா. இந்த 17 பைசா, 60 மைலேஜுக்கும் 54 மைலேஜுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏறக்குறையச் சமம். மைலேஜுக்காக ஒரு வாரம் விசாரிக்கிறவர், இந்த ஊர்ச் சந்தையில் எந்த வண்டி உடனே கைமாறுகிறது என்று ஒரு நாளாவது விசாரிக்கலாம். மின்சார ஸ்கூட்டர் எடுக்கிறவருக்கும் இதே கேள்வி உண்டு. 2025–26 தமிழக பட்ஜெட்டில், நலவாரியத்தில் பதிந்த இணையவழித் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். ஓட்டும் செலவில் மின் ஸ்கூட்டரோடு பெட்ரோல் வண்டி போட்டிபோட முடியாது. ஆனால் தினம் 100 கிலோமீட்டர் ஓடி பேட்டரி தேய்ந்த வண்டியை இரண்டாம் கை ஆள் என்ன விலைக்குக் கேட்பார் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பழைய வண்டி எடுப்பதானால் காலையில், என்ஜின் சூடேறுமுன் போய்ப் பாருங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. ஸ்டார்ட் ஆன பிறகும் இடதுபக்கம் சலசலப்பு நிற்காவிட்டால் டைமிங் செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் மூடி போல்ட்டுகளின் தலை சப்பையாகித் தேய்ந்திருந்தால் பிரித்துக் கோத்த என்ஜின். 2020 ஏப்ரலுக்கு முந்தைய கார்பரேட்டர் வண்டி என்றால், எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்படாத ரப்பர் குழாய்களை மாற்றும் செலவையும் விலையில் கழியுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கம்பெனியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கைக்கு வரும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.